மேடோவர் வாங்கியவரும் வெற்றுப் புரோநோட்டும்



'ஹோல்டர் இன் ட்யூ கோர்ஸ்' என்று நாம் நீதிமன்றத்தில் சொல்லும் அந்த மனிதரை இந்த உரையில் 'முறைவழி உடையவர்' என்று அழைக்கிறேன். நம் கருத்தரங்கு காசோலை, உண்டியல், மாற்றுச் சீட்டு என்று பலவற்றைத் தொடப்போகிறது. நான் ஒரே ஒரு தாளைப் பற்றிப் பேசுகிறேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வாங்கி, தொகைக்கான இடத்தைக் காலியாக விட்ட புரோநோட்டுதான் அது. நம் ஊர் உரிமையியல் நீதிமன்றங்களில் இந்தச் சட்டத்தின் கூர்மையை மக்கள் நேரில் உணர்வது அந்தத் தாளில்தான்.

கோட்பாடு பிறந்த இடம் வேறு. 1756 டிசம்பர் 11ஆம் தேதி லண்டனில் ஃபின்னி என்பவர் 21 பவுன் 10 ஷில்லிங்குக்கான இங்கிலாந்து வங்கி நோட்டு ஒன்றை அஞ்சலில் அனுப்பினார். அன்றிரவே அஞ்சல் வண்டி கொள்ளை போனது. மறுநாள் அந்த நோட்டு மில்லர் என்ற விடுதிக்காரர் கையில் இருந்தது. முழு மதிப்பும் கொடுத்து, வழக்கமான வியாபாரத்தில், திருட்டு என்பது தெரியாமலே வாங்கியிருந்தார். ஃபின்னி தகவல் கொடுத்திருந்ததால் வங்கியின் எழுத்தர் ரேஸ் பணமும் தரவில்லை, நோட்டையும் திருப்பித் தரவில்லை. 1758இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு மில்லர் பக்கம் தீர்ப்பளித்தார். நோட்டு பணத்தைப்போல் கைமாறுவது. நாணயமாக மதிப்புக் கொடுத்து வாங்கியவரிடம் முந்தைய உடைமையாளர் அதைக் கேட்க முடியாது என்றார்.

அந்த விடுதிக்காரர் முன்பின் தெரியாத வழிப்போக்கரிடம் வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். சந்தையில் அந்நியர்களுக்கிடையே ஓடும் தாளுக்காக உருவான பாதுகாப்பு அது. நம் புரோநோட்டு அப்படி ஓடுவதில்லை. கடன் கொடுத்தவர் பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு மேடோவர் செய்வது பெரும்பாலும் தெரிந்தவருக்கு, பங்காளிக்கு, அதே தெருவில் வட்டிக்கடை வைத்திருப்பவருக்கு.

நாணயம் என்பதை எப்படி அளப்பது என்பதில் இங்கிலாந்தே இருமுறை திரும்பியது. 1824இல் கில் - கியூபிட் வழக்கில், அந்நியர் கொண்டுவந்த மாற்றுச் சீட்டை விசாரிக்காமல் தள்ளுபடிக்கு வாங்கிய தரகர் தோற்றார். கவனமுள்ள ஒருவர் விசாரித்திருப்பாரா என்பதே அளவுகோலாக இருந்தது. 1836இல் குட்மன் - ஹார்வி வழக்கில் அது கைவிடப்பட்டது. கவனக்குறைவு எவ்வளவு பெரிதானாலும் அது நேர்மையின்மைக்கு ஒரு சான்றாகலாமே தவிர, அதுவே நேர்மையின்மை ஆகாது என்றார்கள். 1882ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் இரண்டாவது வழியிலேயே நின்றது.

அதற்கு ஓராண்டு முந்தைய நம் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அந்த வழியில் செல்லவில்லை. மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும். தொகை செலுத்தத்தக்கதாகும் முன் வாங்கியிருக்க வேண்டும். இவற்றோடு, கொடுத்தவரின் உரிமையில் குறை இருப்பதாக நம்பப் போதிய காரணம் இல்லாதிருக்க வேண்டும் என்கிறது. 'எனக்குத் தெரியாது' என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னால் மட்டும் போதாது. அறியத் தேவையான காரணம் கண்முன் இருந்ததா என்பதும் கேள்வி. பாலக்காட்டுப் பொன்னப்ப மூத்தான் வழக்கில் நம் நிபந்தனை ஆங்கிலேயருடையதைவிடக் கடுமையானது, கவனக்குறைவும் கணக்கில் வரும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அந்த வழக்கில் முறைவழி உடையவர் என்று உரிமை கோரிய வங்கியே வென்றது. கடுமை என்றால் சந்தேகம் கிளப்பினாலே போதும் என்று பொருளில்லை.

இப்போது ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் 50,000 ரூபாய் கடன் வாங்கி, ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். ஓராண்டு கழித்து, கொடுத்தவர் அதில் 4,00,000 என்று நிரப்பி மூன்றாம் நபர் ஒருவருக்கு மேடோவர் செய்கிறார். வழக்குத் தொடர்பவர் இந்த மூன்றாம் நபர்.

20ஆம் பிரிவைப் பாருங்கள். ஸ்டாம்ப் ஒட்டிய முற்றுப்பெறாத தாளைக் கையெழுத்திட்டுக் கொடுப்பவர், அந்த ஸ்டாம்ப் தாங்கும் தொகைவரை நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகக் கருதப்படுவார். நிரப்பியவரே வழக்குப் போட்டால், பேசிய 50,000க்கு மேல் பெற முடியாது. முறைவழி உடையவர் போட்டால் 4,00,000மும் கிடைக்கும். ஸ்டாம்ப் ஒரு வரம்பாக இருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். ஆனால் ஸ்டாம்ப் தீர்வையின் கடைசிப் படிக்கு மேல்வரம்பு இல்லை. ஒரே சிறிய ஸ்டாம்ப் எத்தனை லட்சத்தையும் தாங்கிவிடுகிறது. தறிக்காரருக்கு அந்த வேலி இல்லாமலே போய்விட்டது. எனக்கு இது மனவேதனை தரும் விஷயம்.

ஆகவே எல்லாமே வாங்கியவர் உண்மையில் முறைவழி உடையவர்தானா என்பதில் போய் நிற்கிறது. அங்கே 118ஆம் பிரிவு அவருக்குச் சாதகமாகத் தொடங்குகிறது: ஒவ்வோர் உடையவரும் முறைவழி உடையவர் என்றே அனுமானிக்கப்படுவார். ஆவணம் குற்றத்தாலோ மோசடியாலோ சட்டவிரோத மறுபயனுக்கோ பெறப்பட்டது என்றால் மட்டும் நிரூபிக்கும் சுமை அவர் தலைக்கு மாறும். நம் தறிக்காரரோ தாளைத் தானாகவே கொடுத்தவர். பெற்றதில் மோசடி இல்லை, நிரப்பியதில்தான் மோசடி. அந்த விதிவிலக்கு இங்கே பொருந்துமா? 'பெறப்பட்டது' என்ற சொல்லை அப்படியே வாசித்தால் பொருந்தாது. தாள் புரோநோட்டாக உருப்பெற்றதே நிரப்பிய அன்றுதான் என்று வாசித்தால் பொருந்தும். நான் இரண்டாவது வாசிப்பை ஏற்பவன். நிரப்பும்வரை அதில் தொகையே இல்லை. தொகையில்லாத தாள் 4ஆம் பிரிவின்படி புரோநோட்டு ஆகாது.

சுமை மாறாவிட்டாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. அனுமானம் மறுக்கத்தக்கதே. குறுக்கு விசாரணையில் எதைக் கேட்பது என்பதைப் பழகிய வழக்கறிஞர் அறிவார். 4,00,000 ரூபாய்த் தாளுக்கு மேடோவர் வாங்கியவர் என்ன கொடுத்தார், எந்தக் கணக்கிலிருந்து கொடுத்தார்? பாதி விலைக்கு வாங்கியிருந்தால் ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்டாரா? கையெழுத்தின் மையும் தொகையின் மையும் வேறாக இருந்தபோது தறிக்காரரிடம் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்தாரா? இருவரும் ஒரே ஊர். மில்லருக்கு ஃபின்னி யாரென்று தெரியாது. இவருக்குத் தறிக்காரரின் வீடு தெரியும். மூன்றாண்டுக் காலவரம்பு முடியச் சில நாள் இருக்கும்போது மேடோவர் விழுந்திருந்தால் அதுவும் பேசும். கேட்டும் தரவில்லை என்று வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, அது தெரிந்தே வாங்கியிருந்தால் 59ஆம் பிரிவுப்படி கொடுத்தவருக்கிருந்த உரிமைதான் அவருக்கும், அப்போது 50,000தான். காலியாக இருந்த இடத்தைக் கண்ணால் பார்த்தபடியே வாங்கியவர் 'போதிய காரணம் இல்லை' என்று சொல்லவே முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. உண்மையாகவே 3,90,000 ரூபாயை வங்கி வழியாகச் செலுத்தி, முழுதாக நிரம்பிய தாளை, சச்சரவு எதுவும் எழாத நாளில் வாங்கியவர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு நான் 4,00,000மும் தருவேன். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டவர், அவர் ஏழையாக இருந்தாலும், அந்த ஆபத்தை உண்டாக்கியவர். தன் இழப்பைத் தொகை நிரப்பியவரிடம் வசூலிக்கும் உரிமை அவருக்கு உண்டு. கையெழுத்தே போலியானால் கதை வேறு. அவர் பெயரில் கடனே இல்லை, எவ்வளவு நாணயமாக வாங்கியவரும் அவரிடம் ஒன்றும் பெற முடியாது.

இன்று முதல் அமர்வு 118ஆம் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'பெறப்பட்டது' என்ற அந்த ஒரு சொல்லை நிரப்பப்பட்ட வெற்றுத்தாளுக்கு எப்படி வாசிப்பது என்பதில் கட்டுரையாளர்கள் என்னோடு முரண்பட்டால் மகிழ்ச்சியோடு கேட்பேன். முதல் கட்டுரையை வாசிக்க அழைக்கிறேன்.