பிரிவு உபசார உரையில் ஒரு சம்பவம்

 

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே அரசு ஆசிரியர்கள் 60 வயதில் கட்டாயமாக ஓய்வு பெறுகிறார்கள். அன்று நடக்கும் பிரிவு உபசாரத்தில் உடன் வேலை பார்த்தவர் ஒருவர் எழுந்து பேச வேண்டும். என்ன பேசுவது?

"கடமை தவறாதவர், அன்பானவர், பண்பானவர்" என்று அடுக்குவோம். பேச்சில் ஓய்வு பெறுபவரின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரை வைத்துப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிறதா? அப்படியானால் அது அவரைப் பற்றிய பேச்சே அல்ல.

ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள். அடைமழையில் பள்ளி வேன் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பிள்ளையை அதன் அம்மா வந்து கூட்டிப்போகும்வரை அந்த டீச்சர் வாசலிலேயே குடையோடு நின்றார். இதைச் சொன்னால் போதும். "அன்பானவர்" என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

சம்பவத்தை முன்கூட்டியே அவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சபையில் சொல்ல அவருக்குச் சம்மதமா என்பதும் தெரிந்துவிடும்.

அங்கே சபையில் மலாய், சீன ஆசிரியர்களும் இருக்கலாம். அதே சம்பவத்தை மலாயில் இரண்டு வரி சொன்னால், அவர்களும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

மூன்று நிமிடம் போதும். முதலில் அவர் பெயர், பிறகு அந்த ஒரு சம்பவம், பிறகு நன்றி. கடைசியில் மாலையையும் மைக்கையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அன்று அவருக்கும் பேச நிறைய இருக்கும்.