நாற்காலியில் இருப்பவரிடமே பேசுங்கள்

(துணை சுகாதார நிலையத்தில் தம்பதிகள் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



போன கூட்டத்தில் தடுப்பூசியைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஊசி மருந்து சம்பந்தப்பட்டது அல்ல. ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய மனைவியோ அம்மாவோ நிற்கிறார். நீங்கள் அங்கே போகிறீர்கள். யாரைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பீர்கள்? இதுதான் விஷயம். இதைப் போய் சுகாதாரத் துறைக்காரர் பேசணுமா என்று நினைப்பீர்கள். கொஞ்சம் கேளுங்கள், ஏன் என்று புரியும்.

நம்ம பக்கத்தில் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் தவறி விழுந்தவர்கள், வண்டி மோதியவர்கள் என்று முதுகெலும்பு அடிபட்டவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அப்படி ஒருவரை வைத்தே சொல்கிறேன். பெயர் மாரிமுத்து என்று வைத்துக் கொள்வோம். மரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆனால் கை இரண்டும் நல்ல பலம், பேச்சு தெளிவு, கணக்கில் புலி. வீட்டு வாசலிலேயே பெட்டிக்கடை வைத்து, நாற்காலியில் இருந்தபடியே வியாபாரம் செய்கிறார். மனைவி காலையில் கூலி வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

மனைவியின் அண்ணன் பார்க்க வருகிறார். நல்ல மனுஷன்தான். வந்ததும் தங்கையிடம், "மாப்பிள்ளை எப்படி இருக்கார்? சாப்பிடுறாரா? ராத்திரி தூங்குறாரா?" என்று கேட்கிறார். மாப்பிள்ளை இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவளும், "சாப்பிடுறார் அண்ணே, தூக்கம்தான் சரியில்லை" என்கிறாள். மாப்பிள்ளை தெருவைப் பார்க்கிறார். அடுத்து பங்காளி வருகிறார், பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார், எல்லாரும் அதே மாதிரி. விழுவதற்கு முன்னால் அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு ஆடு விற்றதில்லை. இப்போது அவர் தூங்கினாரா என்பதற்கே வேறு ஆள் பதில் சொல்கிறார்.

மனவருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதனால் உடம்புக்கு என்ன கேடு வருகிறது என்று பாருங்கள். உணர்ச்சி இல்லாதவர்களுக்குப் பெரிய எதிரி படுக்கைப் புண். பிட்டத்து எலும்பும் நாற்காலியும் சேர்ந்து நடுவில் உள்ள சதையை அழுத்துகிறது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் நின்று சதை சாகிறது. நமக்கானால் வலிக்கும், உடனே அசைந்து உட்காருவோம். அவருக்கு வலிக்காது. அதனால் கால் மணிக்கு ஒரு தரம், மிஞ்சினால் அரை மணிக்கு ஒரு தரம், இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நன்றாகச் சாய வேண்டும். தூக்கியதும் உடனே இறங்கிவிடாமல் ஒன்றிரண்டு நிமிஷம் அப்படி இருந்தால்தான் ரத்தம் திரும்ப ஓடும்.

கிராம சுகாதார செவிலியர் வருகிறார். நின்றபடியே மனைவியிடம், "புண் எதுவும் இல்லையே?" என்று கேட்கிறார். அவள், "இல்லைங்க" என்கிறாள். பொய் சொல்லவில்லை. முந்தாநாள் குளிப்பாட்டும்போது பார்த்தாள், அப்போது இல்லை. ஆனால் பகலெல்லாம் அவள் வீட்டில் இல்லையே! திருவிழாவை ஒட்டிக் கடையில் கூட்டம் அதிகமாகி, காலையிலிருந்து மத்தியானம் வரை அவர் ஒரு தரம்கூட உடம்பைத் தூக்கவில்லை. அடியில் போட்டிருக்கும் மெத்தை அமுங்கித் தட்டையாகிவிட்டது. இரண்டு நாளாகச் சாயங்காலம் குளிர்கிறது. கைலியில் ஈரம் தெரிகிறது, அது மூத்திரமா வேறு ஏதாவதா என்று அவருக்கே சந்தேகம். இவ்வளவும் தெரிந்த ஒரே ஆள் மாரிமுத்து. அவரை யாரும் கேட்கவில்லை. தானாகச் சொல்லவும் கூச்சம். பத்து நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் புண் ஆழமாகிவிட்டால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும், கடையை மூட வேண்டும். புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அதே செவிலியர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "அண்ணே, நேத்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க? இடையில தூக்கிக்கிட்டீங்களா? குளிர், ஈரம் ஏதாவது தெரிஞ்சுதா?" என்று அவரையே கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். அவர் சம்மதத்தோடு அந்த இடத்தைப் பார்த்திருப்பார். நம்முடைய மாநிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறாது. அந்த நிலையில் பாரத்தை எடுத்து விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, எதிரே உட்கார்ந்து என்றேனே, அது ஏன்? நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் இருக்கிறது. நிற்கிறவர் கண் ஐந்தடியில். நீங்கள் ஒட்டி நின்றால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து எலும்பு அடிபட்டவருக்கு அது இன்னும் கஷ்டம். அப்புறம் யார் முகம் யாருக்குத் தெரியும்? நிற்கிறவர் கண் தானாகவே, நிற்கிற இன்னொருவர் முகத்துக்குத்தான் போகும். துணைக்கு வந்தவரிடம் பேச்சு போய்ச் சேருவதற்குப் பாதிக் காரணம் இந்த உயர வித்தியாசம்தான் என்பது என் அபிப்பிராயம்.

தெருவில் ஒரு வணக்கம் மட்டும் என்றால் நாலைந்து அடி தள்ளி, அவர் பார்வை நேராகப் படும் இடத்தில் நின்று சொல்லுங்கள். அந்தத் தூரத்தில் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. நின்று பேசப் போகிறீர்கள் என்றால் நாற்காலியோ ஸ்டூலோ போட்டு எதிரே உட்காருங்கள். பாயில் உட்காராதீர்கள். அப்போது அவர் குனிய வேண்டும், இடுப்பில் பலம் இல்லாதவர் முன்னால் கவிழ்ந்துவிடுவார். சிலர் குழந்தையிடம் குந்துவதைப் போலக் குந்தி, முழங்காலில் தட்டி, "என்ன ராஜா" என்பார்கள். நாற்பது வயது ஆளுக்கு அது பிடிக்குமா? நாற்காலியின் கைப்பிடியில் சாய்வதும், கால் பலகையில் காலை வைப்பதும் அதே மாதிரிதான். அது அவருடைய உடம்பின் ஒரு பாகம் மாதிரி.

"பெரியவர் எதிரே உட்காருவது மரியாதை இல்லையே" என்று சின்ன வயசுக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நின்றபடி வணக்கம் சொல்லுங்கள். பிறகு, "மாமா, உட்கார்ந்து பேசட்டுமா?" என்று கேளுங்கள். அவர் "உட்காரு" என்று சொன்னால் மரியாதையும் கெடவில்லை, அவர் கழுத்தும் தப்பியது.

இனி கூட இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள், தெரிந்தவர் எதிர்ப்படுகிறார். நீங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி அவரோடு பேச ஆரம்பித்தால் பேச்சு நாற்காலிக்காரர் தலைக்கு மேலே நடக்கும். நாற்காலியை வந்தவர் பக்கம் திருப்பி, பிரேக்கைப் போட்டுவிட்டு, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இது ஒன்றைச் செய்தாலே போதும், வந்தவர் கண் சரியான இடத்துக்குப் போய்விடும். அப்படியும் உங்களிடமே கேட்டால், "அவங்களையே கேளுங்க, நான் சும்மா துணைக்கு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். வாய் துறுதுறுவென்று வரும், பதில் தெரிந்திருந்தாலும் அடக்கிக் கொள்ளுங்கள்.

வாதத்தாலோ வேறு காரணத்தாலோ பேச்சு இழுப்பவர்கள் உண்டு. அவர்கள் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். புரியாவிட்டால், "புரியலைங்க, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேளுங்கள். புரிந்த மாதிரி தலையாட்டுவதைவிட அது நல்லது. கால் நடக்காததால் புத்தியும் மட்டு என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர்.

புருஷன் பெண்ஜாதி சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சின்ன வயதில் போலியோ வந்த பெண், இப்போது கர்ப்பம். ஆஸ்பத்திரியில் மாமியாரைப் பார்த்து, "எத்தனை மாசம்? இதோட ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்று கேட்கிறார்கள். மாமியாரும் "பண்ணிடுங்க" என்கிறாள். இது சட்டப்படியே தப்பு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிக்குக் குடும்ப நல விவரங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். அவர் விஷயம் தெரிந்து, தானாக விரும்பிச் சம்மதிக்காமல், பிள்ளைப் பேற்றை நிறுத்தும் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது. கேள்வி அந்தப் பெண்ணிடம்தான் போக வேண்டும், அதுவும் தனியாக. முதுகெலும்பு அடிபட்டவரிடம் தாம்பத்தியம் பற்றியோ சிறுநீர்க் குழாய் பற்றியோ கேட்பதும் அப்படித்தான். வெளி ஆட்களை அனுப்பிவிட்டு, மனைவி இருக்கலாமா வேண்டாமா என்பதை அவரிடமே கேட்டு, அதன்பிறகு பேச வேண்டும். ஊழியர்கள் இப்படிச் செய்யாவிட்டால் நீங்களே, "கொஞ்சம் தனியாப் பேசணுங்க" என்று கேட்கலாம்.

போன தடவை இதைப் பேசியபோது ஒரு அம்மா எழுந்து, "எங்க வீட்டுக்காரரே 'அவகிட்ட கேளுங்க'ன்னு சொல்றாரே, என்ன பண்ண?" என்றார். சொன்னது அவர்தானே? அப்போது அந்த அம்மாவைக் கேட்கலாம். கேட்கும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக் கேளுங்கள். பாதியில் அவர், "இல்ல இல்ல, அது போன வாரம்" என்று குறுக்கிட்டால் உடனே அவர் பக்கம் திரும்பிவிடுங்கள்.