பிரசவ அறை ரெஜிஸ்டர் சொன்ன கணக்கு

பாடத்திட்ட மதிப்பீடு படிக்க வந்திருக்கும் என் தங்கைகளே, தம்பிகளே! மூன்று சாட்சிகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். அங்கீகாரத் தரம் ஒரு சாட்சி, படித்து முடித்தவர்கள் ஒரு சாட்சி, வேலை கொடுத்தவர்கள் ஒரு சாட்சி. மூன்று பேரையும் ஒரே கூண்டில் ஏற்றிய கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு நர்சிங் கல்லூரி. பெயர் வேண்டாம். நர்சிங் கவுன்சில் 2021-இல் பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கு முந்தைய காலம். ஒவ்வொரு மாணவியும் தன் கையால் 20 சுகப்பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. எங்கள் வகுப்பில் 60 பேர். 60 லாக் புத்தகமும் நிறைந்திருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்து 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். பிரசவ அறை சிஸ்டர். "நான் பார்க்காததுக்கு நான் எப்படிம்மா போடுவேன்?" என்றார். அவருக்குப் பதிலாக வேறு யாரோ போட்டார்கள். அந்த அக்காவை என்னால் மறக்க முடியவில்லை.

ஒருநாள் அவர் ரெஜிஸ்டரைத் திறந்து என் முன்னால் வைத்தார். 60 பேருக்கு 20 வீதம் 1,200 பிரசவம் வேண்டும். அந்த ஆண்டு எங்கள் பயிற்சி ஆஸ்பத்திரியில் நடந்த சுகப்பிரசவம் எழுநூறைத் தொடவில்லை. அதிலும் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு! கைதட்டாதீர்கள், கணக்கு இன்னும் முடியவில்லை.

படித்துப் போன பிள்ளைகளைக் கேட்டோம். அதற்கு முன்பும் கேட்டிருக்கிறோம். எப்போது? பிரிவுபசார நாளில், சான்றிதழ் எங்கள் கையில் இருக்கும்போது, ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி. எல்லாரும் ஐந்து போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? இந்த முறை வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்டோம். 'பயிற்சி நன்றாக இருந்ததா' என்று கேட்கவில்லை. 'உன் கையால் எத்தனை குழந்தை பிறந்தது?' என்று கேட்டோம். ஒருத்தி சொன்னாள், "மேடம், இருபது பார்த்தேன், தள்ளி நின்னு. கையில வாங்கினது ரெண்டு." 22 பேர்தான் பேசினார்கள். பேசாத 38 பேரில் வேலையே கிடைக்காதவர்களும் இருந்திருக்கலாம். 22 பேரின் பேச்சை 60 பேரின் தீர்ப்பு என்று எழுத முடியாது. ஆனால் ரெஜிஸ்டரும் அதையேதான் சொன்னது.

அடுத்தது ஆஸ்பத்திரிகள். நிர்வாக அலுவலரைக் கேட்டால் 'நல்ல பிள்ளைகள், ஒழுங்காக வருகிறார்கள்' என்பார். அது நடத்தைச் சான்றிதழ், மதிப்பீடு அல்ல. வார்டு பொறுப்பு சிஸ்டர்களிடம் போனோம். 'புதிதாக வந்த பெண்ணை எத்தனை வாரம் கழித்து இரவுப் பணியில் தனியாக விட்டீர்கள்?' என்று கேட்டோம். பிரசவ வார்டுக்கு மட்டும் பதில் நீண்டது. காரணம் பார்ட்டோகிராஃப். அன்றைய படிவத்தில் கருப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எச்சரிக்கைக் கோடு ஏறியது. தாயின் கோடு அதற்கு வலப்பக்கம் சாய்ந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளி வைக்கத் தெரிந்தது. சாய்வதைக் கண்டு குரல் கொடுக்கத் தெரியவில்லை. ஒரு தாயோடு பல மணி நேரம் உட்கார்ந்தால்தானே அது வரும்!

ஏன் உட்காரவில்லை? கல்லூரிப் பேருந்து காலை ஒன்பதுக்கு வந்து மாலை நாலுக்குப் போய்விடும். குழந்தை பேருந்து நேரம் பார்த்தா பிறக்கும்?

இங்கே சிலரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆய்வு நாளுக்கு மட்டும் ஆசிரியரை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். நாக் மதிப்பீட்டிலேயே முன்னாள் மாணவர் கருத்தும் வேலை கொடுப்பவர் கருத்தும் கேட்கப்படுகின்றன. அந்தப் படிவங்களை ஒரே பேனாவில், ஒரே இரவில் நிரப்புகிறார்கள். அவர்களுக்கு அந்த அக்காவின் முகத்தை ஒருமுறை காட்ட வேண்டும்!

குறை தெரிந்த பிறகு நாங்கள் பாட நேரத்தைக் கூட்டவில்லை. நாலு நாலு பேராகப் பிரித்து, ஆசிரியர் துணையோடு, மாலையும் இரவும் பிரசவ அறைக்கு அனுப்பினோம். பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். துணைக்கு வண்டியும் தங்க அறையும் கேட்டார்கள், நியாயம்தான், கொடுத்தோம். லாக் புத்தகத்தில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ரெஜிஸ்டர் எண் எழுத வேண்டும் என்று வைத்தோம். எண் இல்லாவிட்டால் கணக்கில் இல்லை.

அடுத்த ஆண்டு எந்தப் புத்தகத்திலும் இருபது நிறையவில்லை. ஏழு, ஒன்பது, பதினொன்று. ஆய்வுக் குழுவிடம் அந்த வெற்றுக் கட்டங்களை அப்படியே காட்டி, 'எங்களுக்கு இன்னொரு ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தோம். அந்த ஏழுக்கும் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் கீழே அந்த அக்காவின் கையெழுத்து இருந்தது.