படத்தொகுப்பாளரிடம் வேலை ஒப்படைக்கும் முறை
(ராதாபுரத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



நமது பனங்கருப்பட்டியை வெளியூரார் அறிய ஒரு நிமிடக் காணொளி வேண்டுகிறோம் எனக் கொள்வோம். தனித்துத் தொழில் புரியும் படத்தொகுப்பாளர் ஒருவரிடம் அவ்வேலையைத் தருகிறோம். பதநீர்ப் பருவம் கழிந்தால், தவறிய காட்சியை மீண்டும் எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே மூலக் காட்சிகளைப் பேணுவது முதற்கடமையாகும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அவை சுருங்கித் தெளிவு குன்றும். பென்டிரைவில் மூலக் கோப்பாகவே தந்து, பிரதி ஒன்றை நம்மிடம் வைத்துக்கொள்வோம். ‘1 பனை ஏறுதல், 2 காய்ச்சுதல், 3 சிரட்டையில் வார்த்தல்’ எனப் பெயரிட்டால், பனங்காட்டையே காணாத தொகுப்பாளருக்கும் வரிசை விளங்கும்.

மாதிரிப் படத்தைக் காட்டி, ‘இதுபோல் வேண்டும்’ என்று மட்டும் கூறினால், அவர் அதன் இசையைப் பின்பற்றுவார். நாமோ எழுத்தின் அளவைக் கருதியிருப்போம். எதில் எது பிடித்தது என எழுதித் தருதல் வேண்டும்.

திருத்தம் இரண்டு சுற்று என்று கூலி பேசும்போதே முடிவு செய்வோம். முதற்சுற்றில் காட்சி வரிசையும் நீளமும். அடுத்ததில் எழுத்துப்பிழையும் ஒலியும். வரிசையைப் பிந்தி மாற்றினால் எழுத்தையும் ஒலியையும் மறுபடி அமைக்க நேரும்; அதற்கு அவர் கூடுதல் கூலி கேட்பது நியாயமே.

ஐவர் ஐந்து விதமாகத் தொலைபேசியில் கூறலாகாது. ஒருவரே தொகுத்து எழுதட்டும்: ‘22ஆம் வினாடி: பாகு கொதிக்கும் காட்சியை 2 வினாடி நீட்டுக. 41ஆம் வினாடி: கருப்பட்டி என்பதில் ப் விடுபட்டுள்ளது.’ ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் எழுதினால், எதைத் திருத்துவதென்று அவர் அறியார். ஒரு சுற்று வீணாகும்.