சிறு வீட்டுக்கு ஆள் கணக்கும் நாள் கணக்கும்
(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிகழ்த்திய உரை)



நம் கிராமங்களில் தளம் போட்டு முடித்தபின் பூசாமலே நிற்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கொத்தனார் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார் என்பார் வீட்டுக்காரர். கொடுத்த பணம் தீர்ந்துவிட்டது என்பார் கொத்தனார். பெரும்பாலும் இருவர்மீதும் குற்றமில்லை. தொடக்கத்தில் ஆள் கணக்குப் போடாததே காரணம். தளம் ஏறிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது என்று நம் கண் சொல்லுகிறது. கணக்கு என்ன சொல்லுகிறது என்பதை ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

உள்ளளவில் 12-க்கு 12 அடியில் ஒரு கூடம். அதை ஒட்டி 12-க்கு 8 அடியில் ஓர் அறை. சுவர்கள் யாவும் 9 அங்குலச் செங்கற் கட்டு. உயரம் 10 அடி. இரண்டு கதவுகள், மூன்று ஜன்னல்கள். வெளியளவில் இவ்வீடு 300 சதுர அடி ஆகும். அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் முடிந்துவிட்டன என்று கொண்டு, அதற்கு மேலுள்ள வேலையை மட்டும் கணக்கிடுவோம்.

முதலில் சுவர். நடுச்சுவரையும் சேர்த்து நீளம் ஏறக்குறைய 80 அடி. இதை ஒரே வேலையாகக் கருதாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் 7 அடி உயரத்தில் லிண்டல் பட்டை குறுக்கிடுகிறது. கதவு ஜன்னல் திறப்புகளைக் கழித்தால், பட்டைக்குக் கீழே 350 கன அடிக் கட்டு. அரை அடிப் பட்டைக்கு மேலே 150 கன அடிக் கட்டு. தரையில் நின்றும் தாழ்ந்த சாரத்தில் நின்றும் கட்டும்போது ஒரு கொத்தனார் நாளொன்றுக்கு 35 கன அடி கட்டுவார். செங்கல் எண்ணிக்கையில் அது ஏறக்குறைய 450 முதல் 500 வரை ஆகும். உயர்ந்த சாரத்தில் ஏறியபின் 30 கன அடிக்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே கீழ்ப்பகுதிக்குக் கொத்தனார் ஆள் 10, மேற்பகுதிக்கு 5. இரண்டு கொத்தனார்கள் வந்தால் முன்னதற்கு 5 நாட்கள், பின்னதற்கு 3 நாட்கள், ஆக 8 நாட்கள்.

அவர்களுக்குத் துணையாக ஒரு பெரியாளும் இரண்டு சித்தாள்களும் தேவை. செங்கல்லும் மணலும் தெருமுனையில் இறக்கப்பட்டிருந்தால் இன்னும் ஒரு சித்தாள் வேண்டும். கொத்தனார் கையில் கரண்டியோடு சாந்துக்குக் காத்து நிற்பதைக் கண்டால், துணை ஆள் குறைவு என்று அறியலாம். சித்தாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் அதைவிட அதிகமான கொத்தனார் கூலியை இழப்பது அங்கேதான்.

அடுத்தது காங்கிரீட். லிண்டல் பட்டை சிறு வேலை. அதே குழு ஒரு நாளில் போட்டுவிடும். தளமோ வேறு வகையானது. சுவரை இன்று பாதி, நாளை பாதி என்று கட்டலாம். தளத்தை அவ்வாறு போடலாகாது. இடையில் நிறுத்தினால் பழைய காங்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவே மூட்டு விழுந்து, பின்னர் அவ்வழியே மழைநீர் கசியும். ஆகவே இங்கு நாள் ஒன்று என்பது முன்னரே தீர்ந்த விஷயம். எத்தனை ஆள் என்பதுதான் கேள்வி.

300 சதுர அடித் தளம் 5 அங்குலக் கனத்தில் 125 கன அடி. இதைச் சட்டியில் தூக்கினால் ஏறக்குறைய 350 சட்டிகள் மேலே போக வேண்டும். கலவை இயந்திரத்தில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒரு கலவையாக 28 அல்லது 29 கலவைகள் ஆகும். நான்கைந்து மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால், இரண்டு கொத்தனார்களோடு ஆறு பெரியாட்களும் ஆறு சித்தாள்களும் வேண்டும். எட்டுப் பேரைக்கொண்டு தொடங்கினால் மாலையில் ஆள் சோர்ந்து, கலவையில் தண்ணீர் அதிகமாகும். தளத்தின் வலிமை அதனால் குறையும். இயந்திர வாடகையும், சென்ட்ரிங், கம்பி கட்டும் கூலியும் தனி ஒப்பந்தங்கள். அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

இனிப் பூச்சுக்கு வருவோம். நாம் வியப்படைய வேண்டிய இடம் இதுதான். உட்சுவர்களின் பரப்பு 860 சதுர அடி. பேஸ்மட்டத்தையும் சேர்த்து 12 அடி உயரத்துக்கு வெளிச்சுவர் 790. தளத்தின் அடிப்புறம் 240. திறப்புகளை ஒரு முகத்துக்கு மட்டுமே கழித்திருக்கிறோம். மறுமுகத்தின் பரப்பு, ஓரங்களைப் பூசும் உழைப்புக்கு ஈடாகும். ஆக மொத்தம் 1,890 சதுர அடி. அதாவது 300 சதுர அடி வீட்டில் பூச வேண்டிய பரப்பு அதைப்போல ஆறு மடங்குக்கு மேல்! சுவரில் ஒரு கொத்தனார் நாளொன்றுக்கு 90 சதுர அடி பூசுவார். தலைக்கு மேலே தளத்தில் 60 தான். வெளிப்பூச்சுக்கு 5 நாட்கள், தளத்துக்கு 2, உட்பூச்சுக்கு 5 என இரண்டு கொத்தனார்களுக்கு 12 நாட்கள் ஆகின்றன. சுவர் கட்ட ஆனதோ 8 நாட்களே.

இந்த 12 நாட்களும் சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நின்றால்தான். சுவர் சாய்ந்திருந்தால் பள்ளத்தை நிரப்ப இரண்டு முறை பூச வேண்டும். கூலியும் சிமெண்டும் கூடும். கட்டும்போது நாள்தோறும் மாலையில் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சாய்ந்த வரிசையை அன்றே பிரித்துக் கட்டுவது அரை மணி வேலை.

கூலிக்கு வருவோம். கொத்தனாருக்கு 900 ரூபாய், பெரியாளுக்கு 700, சித்தாளுக்கு 500 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விகிதத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கொத்தனார், ஒரு பெரியாள், இரண்டு சித்தாள் கொண்ட குழுவுக்கு நாளொன்றுக்கு 3,500 ரூபாய். சுவருக்கு 28,000, லிண்டல் பட்டைக்கு 3,500, தள நாளுக்கு 9,000, பூச்சுக்கு 42,000. மொத்தம் 82,500 ரூபாய். தளம் போட்ட அன்று கொத்தனார் குழு சம்பாதித்திருப்பது 40,500 மட்டுமே. மொத்தக் குத்தகையாகப் பேசி, தளத்தன்று 60,000 கொடுத்துவிட்டால் மிஞ்சுவது 22,500. அதில் 12 நாள் வேலையை எவரும் செய்யமாட்டார். ஆகவே உடன்படிக்கை எழுதும்போதே, பாதிக்குச் சற்று அதிகமான தொகை பூச்சுக்கென நிற்கட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதியாக நாட்காட்டி. கொத்தனார் குழுவின் வேலை மொத்தம் 22 நாட்களே; ஆனால் வீடு 22 நாளில் முடியாது. பட்டைக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டிக் காங்கிரீட் இட்டு இறுக விடுதல், தளத்துக்குச் சென்ட்ரிங் என்று கழியும் நாட்களைச் சேர்த்தால், தளம் போடுவது 16-ஆம் நாள் ஆகும். பிறகு முட்டு பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, இத்தகைய சிறு தளத்துக்கு முட்டுகளை 7 நாட்கள் வைத்திருக்கச் சொல்லுகிறது. அது சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்கானது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த சிமெண்டு. அது மெல்ல இறுகுவது. ஆதலால் 14 நாட்கள் விடுவதே நன்று. அந்நாட்களில் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்.

இந்த 14 நாளில்தான் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவரைச் சும்மா காத்திருக்கச் சொல்லுவதும் முறையன்று. உள்ளே முட்டுகள் நிற்பினும் வெளிச்சுவர் தடையின்றி இருக்கிறது. தளம் போட்ட மூன்று நான்கு நாட்களில் வெளிப்பூச்சைத் தொடங்கிவிட்டால் 5 நாள் வேலை அங்கேயே முடிந்துவிடும். வெளிச்சாரத்தை மட்டும் தள முட்டுகளோடு பிணைக்கலாகாது. 30-ஆம் நாள் முட்டு பிரித்து, மின்சாரக் குழாய்க்குச் சுவரில் காடி வெட்டி முடித்து, அதன் பின்னரே உட்பூச்சைத் தொடங்க வேண்டும். பூசியபின் வெட்டினால் ஒரு வேலைக்கு இரண்டு கூலி. அந்த 7 நாளும், பூச்சுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஒரு வாரமும் சேர 45 நாட்கள் ஆகின்றன. வார விடுமுறைகளையும் கூட்டினால் 50 நாட்களுக்கு மேல். ஐப்பசியில் அடைமழை தொடங்குமுன் வெளிப்பூச்சு முடிய வேண்டுமென்று எண்ணுபவர், ஆவணி பிறந்தவுடன் சுவரைத் தொடங்கிவிட வேண்டும்.