நடுவிலிருந்தும் தொடங்கத் தெரிந்தால்தான் மனப்பாடம்

(கொடைக்கானலில் ஆசிரியர்களுக்கான பயிற்சி நாளில் ஆற்றிய உரை)

1901இல் தொடங்கிய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி உள்ள இந்த ஊருக்குப் பியானோ ஒலி புதிதல்ல. ஆண்டு விழா மேடையில் ஒரு மாணவர் நடுவில் தடுமாறி நின்றால், பெரும்பாலும் முதலிலிருந்தே மீண்டும் தொடங்குவார். அவர் மனத்தில் இருப்பது சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் போய்விடும். தினமும் முதலிலிருந்தே வாசித்துப் பழகியதன் விளைவு இது.

மாற்று வழியை பாஹ் எழுதிய சி மேஜர் பிரெலூடைக் கொண்டு பார்ப்போம். இதில் 35 பார்கள், அதாவது தாளக் கட்டங்கள். 35ஐயும் வரிசையாக மனப்பாடம் செய்யாமல், கார்டுகள் செல்லும் திசையைப் பார்த்து ஆறு துண்டுகளாக்குங்கள்.

1 முதல் 4 வரை, சி-யிலிருந்து கிளம்பி சி-க்கே திரும்பும். 5 முதல் 11 வரை ஜி-க்குப் போகும். 12 முதல் 19 வரை மீண்டும் சி-க்கு வரும், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. 20 முதல் 23 வரை பதற்றம் கூடும். 24 முதல் 31 வரை அடிச்சுரம் ஜி அசையாமல் நிற்கும். 32 முதல் 35 வரை அடிச்சுரம் சி, பாட்டு முடியும்.

இந்த வரைபடத்தை ஒரு தாளில் எழுதினால் ஒரு லாபம் கண்ணில் படும். 15 முதல் 19 வரையுள்ள பார்கள், 7 முதல் 11 வரையுள்ளவற்றை ஐந்தாம் சுரத்துக்குக் கீழே இறக்கியவையே. ஐந்து பார்களைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: 10இல் எஃப் ஷார்ப் கறுப்புக் கட்டை, 18இல் அதே இடத்தில் வரும் பி வெள்ளைக் கட்டை. விரல் பழக்கத்தை மட்டும் நம்பியவர் இங்கே தடுக்கி விழுவார்.

இனிச் சோதனை. துண்டுகளின் எண்களை ஆறு சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். சீட்டை எடுத்த மாணவர் முதலில் அடிச்சுரத்தையும் கார்டையும் வாயால் சொல்ல வேண்டும். பிறகு வாசித்து, அடுத்த துண்டின் முதல் பாரில் நிறுத்த வேண்டும். துண்டுகளுக்கு இடையிலான இணைப்பும் அப்போதே உறுதியாகும். இது கைகூடிய பின் 1 முதல் 35 வரை எந்த எண்ணையும் கேளுங்கள்.

தொடங்குமுன் மாணவரின் விரல்கள் மடியில் முதல் பாரிலிருந்து ஓடினால், அந்த இடம் இன்னும் தனியாக மனத்தில் இல்லை. கை வாசிக்கிறது, வாய் கார்டைச் சொல்லவில்லை என்றால், வரைபடத்துக்குத் திரும்புங்கள். வாய் சொல்கிறது, கை தயங்குகிறது என்றால், அந்தத் துண்டை மட்டும் மெதுவாகப் பலமுறை வாசிக்கச் செய்யுங்கள். மறுநாள் காலை, முதல் வாசிப்பே சீட்டு எடுத்ததாக இருக்கட்டும். நேற்று வந்தது தங்கியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

முதல் வாரம் வாசிப்பு துண்டு துண்டாகவே கேட்கும். அதனால் ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒருமுறை முழுவதையும் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். மேடையில் தவறினால், மாணவர் பின்னோக்கி ஓடாமல் அடுத்த துண்டின் வாசலில் நுழைந்துகொள்வார்.