நிழலும் எலும்பும்
(நூற்றாண்டு விழா நலவியல் அமர்வில் ஆற்றிய உரை)



வாதம், சலரோகம், பிரஷர் என்று எதைப் பற்றியாவது பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். அவற்றைப் பற்றி நீங்கள் எல்லாரும் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆகவே வாதம் என்று பெயர் வாங்கிக்கொண்டு வாதமே இல்லாத ஒரு நோவைப் பற்றி இன்றைக்குப் பேசுவோம். வெயில் படாமல் வாழும் பெண்களுக்கு வரும் எலும்பு நோவும் தசைப் பலவீனமும்தான் அது. மருத்துவத்தில் இதை ஒஸ்ரியோமலேசியா என்கிறோம். எலும்பு மென்மையாதல் என்று தமிழில் சொல்லலாம்.

கண்டியில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில். விற்றமின் டி உண்டாக்கக்கூடிய வெயில் இங்கே வருடம் முழுவதும் இருக்கிறது. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, கண்டியில் வாழும் இலங்கையரையும் நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரு இடத்தவரின் இரத்தமும் ஒரே முறையில் சோதிக்கப்பட்டது. விற்றமின் டி அளவு ஒஸ்லோவில் சராசரியாக 31.5 ஆகவும் கண்டியில் 54.2 ஆகவும் இருந்தது. இவை நனோமோல் கணக்கு. எமது ஆய்வுகூடங்கள் பல தரும் நனோகிராம் கணக்குக்கு மாற்ற, 2.5 ஆல் வகுக்க வேண்டும். அப்போது ஒஸ்லோ ஏறத்தாழ 12.6, கண்டி ஏறத்தாழ 21.7.

ஒஸ்லோவில் குறைவாக இருந்தது யாருக்கும் வியப்பல்ல. அங்கே ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை சூரியன் தாழ்வாகவே நிற்கும். தோலில் விற்றமின் உண்டாகாது. யோசிக்க வைப்பது கண்டியின் எண்தான். இவ்வளவு வெயில் உள்ள ஊரில் சராசரியே 20ஐச் சற்றுத்தான் தாண்டி நிற்கிறது. 20க்குக் கீழே போனால் குறைவு என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அப்படியென்றால் வெயில் ஊரில் இருக்கிறது, எங்கள் மேல் விழவில்லை.

ஒருவரின் கதையைச் சொல்கிறோம். எவரையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காகப் பலரின் கதைகளைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறோம். அவருக்கு வயது நாற்பத்தாறு. வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம், வீதியிலிருந்து நாற்பது படி ஏறிப் போக வேண்டும். நகரத்தில் ஒரு தையல் கடையின் பின்னறையில் வேலை. காலை ஏழரைக்குப் பஸ், மாலை இருட்டும் நேரத்தில் வீடு. வெளியே இறங்கினால் குடை, முழுக்கைச் சட்டை. மீன் மணமே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையோடு போய்விடும்.

எட்டு மாதமாக இடுப்பில் நோ. இன்ன இடம் என்று விரலால் காட்ட முடியாத, மந்தமான, ஆழமான நோ. பிறகு அது தொடைக்கும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்கும் இறங்கியது. தைலம் பூசினார், பிளாஸ்டர் ஒட்டினார், கசாயம் குடித்தார், நோக்குளிசையும் எடுத்தார். வாதத்துக்கான இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்று வந்தது. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்றார்கள். மாதவிடாய் நிற்கும் காலம், மனக்கவலை என்று ஆளுக்கொரு விளக்கம். வீட்டில் சோம்பேறி என்ற பெயரும் கிடைத்தது.

இப்படி வருபவரிடம் நோவைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது.

“அக்கா, நிலத்தில இருந்தா எப்படி எழும்புவீங்க?” என்று கேட்டோம்.

“நிலத்தில இருக்கிறதையே விட்டுட்டன் டொக்டர். பஸ்ஸில ஏறவே கம்பியப் பிடிச்சு இழுத்துத்தான் ஏறுறன். தலை சீவக் கை தூக்கினாலும் சோர்ந்து போகுது.”

இங்கேதான் வழி திறக்கிறது. கையால் ஊசியில் நூல் கோர்க்க அவரால் முடிகிறது. விரல்களில் பலம் குறையவில்லை. குறைந்திருப்பது இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள பெரிய தசைகளில். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பச் சொன்னோம், முடியவில்லை. நடக்கையில் உடல் இரு பக்கமும் வாத்துப்போல ஆடியது. முன்னெலும்பைப் பெருவிரலால் அழுத்தியபோது முகம் சுளித்தார். மூட்டுகளில் வீக்கமில்லை, சூடில்லை. வாதமென்றால் காலையில் மூட்டு இறுகி, நடக்க நடக்க இளகும். இவருக்கோ நடக்க நடக்க நோ கூடியது.

உடலுக்குள் நடப்பது இதுதான். விற்றமின் டி இல்லாவிட்டால் நாம் சாப்பிடும் கல்சியத்தின் பெரும்பகுதி குடலில் ஏறாமலே போய்விடும். இரத்தத்தில் கல்சியம் இறங்கப் பார்க்கும். கழுத்திலுள்ள நான்கு சிறு பராதைரொயிட் சுரப்பிகள் உடனே விழித்து, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். அதே சுரப்பு, சிறுநீரகத்தின் வழியே பொஸ்பேற்றை வெளியேற்றியும் விடும். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்துதான் எலும்பு இறுகும். எலும்பு தினமும் தன்னைப் புதுப்பிக்கும் பொருள்; கம்பி கட்டுகிறவர் கட்டிக்கொண்டே போகிறார், சீமெந்து மட்டும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறுகாத பகுதிதான் பாரம் தாங்கும்போது நோகிறது. தசையும் இதே குறையால் பலமிழக்கிறது.

ஆகவே விலை கூடிய பரிசோதனைக்கு முன்பே மூன்று சாதாரண எண்கள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். இவருக்குக் கல்சியம் 8.3, குறைவின் ஓரத்தில். பொஸ்பேற்று 2.2, குறைவு. அல்கலைன் பொஸ்பற்றேஸ் 290. சாதாரணமாக 120ஐ ஒட்டி நிற்க வேண்டியது அது. இந்த நொதி ஈரலிலிருந்தும் வரும் என்பதால் பலர் ஈரலைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஈரலின் மற்ற எண்கள் சரியாக இருந்தால் எலும்பைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தது. அதன் பிறகே விற்றமின் டி பார்த்தோம், 7 நனோகிராம். பராதைரொயிட் சுரப்பு உயர்ந்திருந்தது. பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துத் தேடிப் பார்த்தபோது, தொடையெலும்பின் கழுத்தில் மெல்லிய வெடிப்புப் போன்ற கோடு தெரிந்தது. இந்த நோயின் கையொப்பம் அது. எல்லாருக்கும் இருக்காது, இருந்தால் சந்தேகமில்லை.

வாரம் ஒரு முறை 50,000 அலகு விற்றமின் டி3, எட்டு வாரம். கூடவே உணவிலும் குளிசையிலுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம். பாலோடு நெத்தலி, குரக்கன், கீரை எல்லாம் கணக்கில் சேரும். மீன் மணம் பிடிக்காத அவர் நெத்தலியைப் பொரித்தால் சாப்பிடுவேன் என்று ஒத்துக்கொண்டது எமக்குச் சந்தோஷம். நாலாம் வாரத்தில் எலும்பு நோ தணியத் தொடங்கியது. தசைக்குப் பொறுமை வேண்டும். நாற்பது படியையும் நிற்காமல் ஏற நாலு மாதம் சென்றது. அல்கலைன் பொஸ்பற்றேஸ் கடைசியாகத்தான் இறங்கும். சிலருக்குத் தொடக்கத்தில் சற்று ஏறவும் செய்யும், எலும்பு இறுகும் வேலை நடக்கிறது என்பதே அதன் பொருள். மூன்றாம் மாதத்தில் விற்றமின் டியையும் கல்சியத்தையும் திரும்பப் பார்த்தோம். அதன் பின் நாளொன்றுக்கு 1000 அலகு.

வலிப்புக்குப் பீனிற்றோயின், கார்பமாசெபின் எடுப்பவர்களுக்கு இந்த விற்றமின் சீக்கிரமாகச் சிதைந்துவிடும் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறோம். அவர்களுக்கு அளவு கூட வேண்டியிருக்கும். மருந்தை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

இதிலே இரண்டு குழப்பங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒன்று, எலும்பு மென்மையாதலை எலும்புத் தேய்வு, அதாவது ஒஸ்ரியோபொரோசிஸ், என்று எடுத்துக்கொள்வது. அடர்த்தி ஸ்கானில் இரண்டுமே குறைவாகத்தான் தெரியும். ஆனால் எலும்புத் தேய்வு முறியும்வரை பெரும்பாலும் நோகாது; இது நோகும். தேய்வுக்குக் கொடுக்கும் வாராந்தக் குளிசையை விற்றமின் டியைச் சரிசெய்யாமல் கொடுத்தால் கல்சியம் இன்னும் இறங்கி, கைகால் விறைத்து இழுக்கக்கூடும். மற்றது, அல்பாகல்சிடோல் என்ற குளிசையை விற்றமின் டி என்றே நினைப்பது. அது முக்கியமாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வேறு சில நிலைகளுக்கும் உரிய மருந்து. உடலின் வெறுமையான சேமிப்பை அது நிரப்பாது. கவனமில்லாமல் எடுத்தால் கல்சியத்தை மட்டும் ஏற்றிவிடும்.

வெயிலுக்கு வருவோம். காலை இளவெயிலில் நின்றால் விற்றமின் டி கிடைக்கும் என்பது எங்கள் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. ஆறரை மணி வெயில் மனதுக்கு இதம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் கதிர் சரிந்து வருவதால், விற்றமினை உண்டாக்கும் யூவிபி கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. கண்ணாடி யன்னலும் அப்படியே; பஸ்ஸில் யன்னலோரம் கருகலாம், விற்றமின் கிடையாது. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களை விட நீளமென்றால் அந்த வெயிலில் பயன் சொற்பம். நிழல் குட்டையானால்தான் வேலை நடக்கும். கண்டியில் அது ஏறத்தாழ காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை. ஹந்தானைப் பக்கம் முகில் இறங்கிய நாட்களில் அதிலும் பாதிதான். எங்களைப் போன்ற கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடிய நேரம் வேண்டும். முகமும் முன்கைகளும் கால்களும் திறந்திருக்க, வாரத்தில் மூன்று நான்கு நாள் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். தோல் எரிய நிற்க வேண்டாம். முற்றாக மூடி உடுப்பவர்களுக்கு மதிலுள்ள முற்றமோ மொட்டைமாடியோ உதவும். அதுவும் இயலாதென்றால் நாளாந்தக் குளிசை, அதில் குறைவொன்றுமில்லை. ஆனால் 7க்கு இறங்கியவரை வெயிலால் மட்டும் தூக்கி நிறுத்தலாம் என்று நாம் நம்புவதில்லை.

எல்லா முதுகு நோவும் இதனால் வருவதும் அல்ல. 16, 17 என்று எண் வந்த பலருக்கு எலும்பில் ஒரு குறையுமிருக்காது. நோவுக்குக் காரணம் வேறாக இருக்கும். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடிந்து, அல்கலைன் பொஸ்பற்றேஸும் சரியாக இருப்பவர், சீட்டிலுள்ள ஒரு எண்ணைக் கண்டு கலங்கத் தேவையில்லை.

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திருக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கென்று நீங்கள் கொண்டுவரும் போத்தல்களில் ஒரு குளிசைக்கு எத்தனை அலகு என்று பாருங்கள். 1000 இருக்கும், 10,000 உம் இருக்கும். நல்லதுதானே என்று தினமும் இரண்டு மூன்று போட்டு, இங்கேயும் ஒருவர் மாதாமாதம் பெரிய ஊசி போட்டால், சில மாதங்களில் இரத்தத்தில் கல்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், ஓங்காளம், வயதானவர்களுக்குத் தடுமாற்றப் பேச்சு என்று வரும். அப்படிக் கண்டால் போத்தலை எடுத்துக்கொண்டு வாருங்கள், முதலில் அதைத்தான் கேட்போம். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் கல்சியத்தையும் இதையும் சேர்த்துத் தொடங்கு முன் ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்ளட்டும்.